சாயப்பட்டறைக் கெமிக்கல் ஸ்டோருக்குச் சுவரொட்டி: பாதுகாப்புத் தரவுத் தாளிலிருந்து எதை, எப்படி எடுப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. எம்.எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒவ்வொன்றும் பத்துப் பக்கம் இருக்கிறது. சுவரொட்டிக்கு அதில் எதைப் படிக்க வேண்டும்?

திருப்பூர், ஈரோடு வட்டாரச் சாயப்பட்டறைகளில் ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆகவே எடுத்துக்காட்டுகள் எல்லாம் அங்கே அன்றாடம் புழங்கும் ஹைட்ரோஸ், காஸ்டிக், பெராக்சைடு, ஹைப்போ, அசிட்டிக் ஆசிட் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும்.

வேதிப்பொருள்களின் அபாயங்களை வகைப்படுத்த இப்போது உலகெங்கும் பின்பற்றப்படும் ஜி.எச்.எஸ். முறையில் எழுதப்பட்ட தாளில் 16 பிரிவுகள் இருக்கும், அவற்றின் வரிசையும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். சுவரொட்டிக்கு முதன்மையாக வேண்டியவை நான்கு: அபாய வகைகளைச் சொல்லும் 2 ஆம் பிரிவு, முதலுதவியைச் சொல்லும் 4 ஆம் பிரிவு, கையாளுதலையும் சேமிப்பையும் சொல்லும் 7 ஆம் பிரிவு, எதனோடு சேரக் கூடாது என்று சொல்லும் 10 ஆம் பிரிவு. கையுறை, கண்ணாடி பற்றிய ஒரு வரிக்காக 8 ஆம் பிரிவையும், தீயைப் பற்றிய ஒரு வரிக்காக 5 ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 1, 3, 16 ஆகிய பிரிவுகளைப் படித்தாக வேண்டும். அவற்றிலிருந்து ஒரு சொல்கூடச் சுவரொட்டிக்கு வராமல் போகலாம். ஆனால் கையில் இருப்பது சரியான தாள்தானா என்பதை அவைதான் சொல்லும்.

2. பெராக்சைடு என்றால் பெராக்சைடுதானே? இணையத்தில் கிடைத்த தாளைப் பயன்படுத்தினால் என்ன?

பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவு மாறினால் அபாய வகையே மாறிவிடும் என்பதால், அப்படிச் செய்யக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்படுத்தலை எடுத்துக்கொண்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு 8 விழுக்காட்டிலேயே கண்ணுக்குக் கடும் சேதம் விளைவிக்கும் வகையில் சேர்கிறது. 35 விழுக்காட்டிலிருந்து அது தோலை எரிச்சலூட்டும் பொருளாகிறது. 50 விழுக்காட்டை எட்டும்போது தோலை அரித்துப் புண்ணாக்கும் பொருளாகவும், தீயை வளர்க்கும் ஆக்சிஜனேற்றத் திரவங்களில் வகை 2 ஆகவும் ஆகிவிடுகிறது. ஸ்டோரில் நிற்பது 50 விழுக்காட்டுச் சரக்கு; ஆனால் இணையத்தில் முதலில் கிடைக்கும் தாள் மருந்துக்கடையில் விற்கும் 3 அல்லது 6 விழுக்காட்டுக் கரைசலுக்கு உரியதாக இருக்கக்கூடும். அதை நம்பி எழுதினால் "தோல் அரிமானம்" என்ற முக்கியமான வரியே சுவரொட்டியில் விடுபட்டுப் போகும்.

எனவே தாளை எடுத்துக்கொண்டு கேனுக்குப் பக்கத்தில் நின்று மூன்றைச் சரிபாருங்கள். 1 ஆம் பிரிவில் உள்ள விற்பனைப் பெயரும் நிறுவனப் பெயரும் கேனின் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். 3 ஆம் பிரிவில் உள்ள செறிவும் லேபிளில் உள்ள செறிவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே பிரிவில் உள்ள சி.ஏ.எஸ். எண் அந்தப் பொருளுக்கு உரியதாக இருக்க வேண்டும். இந்த எண் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியானது. நம் தொழிலில் "ஹைப்போ" என்ற பெயரை வெளுப்புக்குப் போகும் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கும் சொல்கிறார்கள், குளோரினை நீக்கப் பயன்படும் சோடியம் தயோசல்பேட்டுக்கும் சொல்கிறார்கள். முன்னதன் எண் 7681-52-9, பின்னதன் எண் 7772-98-7. இரண்டின் அபாயங்களும் வெவ்வேறு. இந்தத் தொகுப்பில் ஹைப்போ என்று நான் சொல்வது முன்னதையே.

3. "வகை 1" என்றால் குறைந்த அபாயம், "வகை 4" என்றால் அதிக அபாயம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அதற்கு நேர்மாறாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜி.எச்.எஸ். முறையில் 1 தான் கடுமையானது. எண் கூடக் கூட அபாயம் குறையும். 1A, 1B, 1C என்ற உட்பிரிவுகளிலும் A தான் கடுமையானது. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பல பீப்பாய்களிலும் பழைய தாள்களிலும் நான்கு நிறக் கட்டங்களைக் கொண்ட வைர வடிவக் குறி ஒன்று இருக்கிறது. அது அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் முறை. அதில் 0 அபாயமற்றது, 4 மிகக் கடுமையானது. ஆகவே ஒரே காஸ்டிக்குக்கு அந்த வைரத்தின் நீலக் கட்டத்தில் 3 என்றும், தாளின் 2 ஆம் பிரிவில் "தோல் அரிமானம் வகை 1A" என்றும் இருக்கும். இரண்டும் சரியானவைதான், ஆனால் இரண்டையும் ஒரே சுவரொட்டியில் போட்டால் படிப்பவர் தடுமாறுவார்.

என் பரிந்துரை, சுவரொட்டியில் வகை எண்ணையே எழுத வேண்டாம் என்பதுதான். எண்ணுக்குப் பதிலாகத் தாளில் உள்ள சமிக்ஞைச் சொல்லை எடுங்கள். கடுமையானவற்றுக்கு "அபாயம்" என்றும், அடுத்த நிலையில் உள்ளவற்றுக்கு "எச்சரிக்கை" என்றும் இரண்டே சொற்கள் இருக்கின்றன. ஒரு பொருளுக்குப் பல அபாய வகைகள் இருந்தாலும் சமிக்ஞைச் சொல் ஒன்றுதான் வரும், கடுமையானதே நிற்கும். வகை எண்ணை உங்கள் கோப்பில் குறித்து வையுங்கள், 9 ஆம் கேள்விக்கு வரும்போது அது தேவைப்படும்.

4. H314, P280 என்றெல்லாம் இருக்கிறதே, அவற்றை அப்படியே ஒட்டிவிட்டால் போதாதா?

H என்று தொடங்குபவை அபாய வாசகங்கள். அதையடுத்து வரும் எண் 2 என்றால் தீ, வெடிப்பு போன்ற பௌதிக அபாயம். 3 என்றால் உடல்நல அபாயம். 4 என்றால் சுற்றுச்சூழல் அபாயம். P என்று தொடங்குபவை முன்னெச்சரிக்கை வாசகங்கள். அவற்றில் P2 வரிசை தடுப்பையும், P3 வரிசை விபத்து நேர்ந்தபின் செய்ய வேண்டியதையும், P4 வரிசை சேமிப்பையும், P5 வரிசை கழிவு அகற்றலையும் குறிக்கும். தாளிலிருந்து எடுப்பவருக்கு இந்த எண்கள் பேருதவி செய்யும். ஏனென்றால் எந்த வரி சுவரொட்டியின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை முதல் இலக்கமே காட்டிவிடுகிறது. ஆனால் சுவரின் முன்னால் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு P305 என்பதால் எந்தப் பயனும் இல்லை. அங்கே வாசகம்தான் இருக்க வேண்டும்.

எல்லா P வாசகங்களையும் எடுக்கவும் வேண்டாம். "பயன்படுத்தியபின் கைகளை நன்கு கழுவவும்" போன்ற வரிகள் ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் இருக்கும். அவற்றைப் பொது விதியாகச் சுவரொட்டியின் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். அந்தப் பொருளுக்கே உரிய வரி எதுவோ, அதற்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

5. ஒரு பொருளை எடுத்து முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

ஹைட்ரோஸை எடுத்துக்கொள்வோம். அதன் வேதிப்பெயர் சோடியம் டைதயோனைட், சோடியம் ஹைட்ரோசல்பைட் என்றும் எழுதுவார்கள், சி.ஏ.எஸ். எண் 7775-14-6. 2 ஆம் பிரிவில் மூன்று செய்திகள் இருக்கும். H251: தானே சூடேறும், தீப்பிடிக்கலாம். H302: விழுங்கினால் தீங்கானது. EUH031 என்ற ஐரோப்பியக் கூடுதல் வாசகம்: அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். சில நிறுவனங்களின் தாள்களில் கண்ணெரிச்சலும் சேர்ந்திருக்கும். சமிக்ஞைச் சொல் "அபாயம்". படக்குறிகள் தீச்சுடரும் ஆச்சரியக்குறியும்.

7 ஆம் பிரிவையும் P4 வரிசையையும் பார்த்தால் குளிர்ச்சியான, உலர்ந்த இடம் என்ற பொதுவான வரியோடு, அடுக்குகளுக்கு இடையே காற்றிடைவெளி விட வேண்டும் என்ற வரியும் இருக்கும். P407 என்ற இந்த வரியைப் பலர் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். தானே சூடேறும் பொருளில் உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் நெருக்கி அடுக்கினால், அது தீப்பிடிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். ஆகவே ஹைட்ரோஸுக்கு உயிரான வரி இதுதான். 10 ஆம் பிரிவில் ஈரம், அமிலங்கள், ஆக்சிஜனேற்றிகள் ஆகியவற்றோடு சேரக் கூடாது என்றிருக்கும். நடைமுறையில் ஈரம் டிரம்முக்குள் போவது பெரும்பாலும் அள்ளும் குவளை வழியாகத்தான். தாளில் "ஈரம் தவிர்க்கவும்" என்று பொதுவாக இருப்பதைச் சுவரொட்டியில் "ஈரக் குவளையால் அள்ளாதே" என்று செயலாக மாற்றுவது எடுப்பவரின் வேலை. தாளில் இல்லாத புதிய அறிவுரையைச் சேர்க்கக் கூடாது. இருப்பதைக் கைக்கு எட்டும் செயலாகச் சொல்லலாம்.

இவ்வளவையும் சேர்த்தால் கட்டம் இப்படி அமையும்:

> ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) – அபாயம்
> தானே சூடேறித் தீப்பிடிக்கும். விழுங்கினால் தீங்கு. ஆசிட் பட்டால் நச்சு வாயு வரும்.
> செய்ய வேண்டியது: உலர்ந்த குவளையால் மட்டும் அள்ளவும். அள்ளியதும் மூடியை இறுக்கவும். டிரம் அடுக்குகளுக்கு இடையே இடைவெளி விடவும். ஆசிட், பெராக்சைடு, ஹைப்போ பக்கத்தில் வைக்காதே. கண்ணாடி, கையுறை அணியவும்.
> கண்ணில் பட்டால்: குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவவும், மருத்துவரிடம் செல்லவும்.
> வாயு அல்லது தூசியைச் சுவாசித்தால்: காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துச் சென்று உட்கார வைக்கவும், மூச்சுத் திணறினால் 108.
> விழுங்கினால்: வாயைக் கொப்பளிக்கச் செய்யவும், மருத்துவரிடம் செல்லவும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதே.
> டிரம் சூடாக இருந்தால், கந்தக நெடி அடித்தால், புகை வந்தால்: எல்லோரும் வெளியேறவும், உடனே தீயணைப்புத் துறையையும் பொறுப்பாளரையும் அழைக்கவும்.

6. ஹைட்ரோஸில் தண்ணீர் படக் கூடாது என்கிறது தாள். அதே தாள் தீப்பிடித்தால் நிறையத் தண்ணீர் ஊற்று என்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. இரண்டும் அளவைப் பொறுத்தவை. சிறிதளவு ஈரம் பட்டால் ஹைட்ரோஸ் சிதைந்து வெப்பத்தையும் சல்பர் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. அந்த வெப்பம் பக்கத்தில் உள்ள உலர்ந்த பொடியையும் சிதைக்கிறது. வெள்ளமாகத் தண்ணீர் பாயும்போது பொருள் கரைந்து, வெப்பமும் அடித்துச் செல்லப்பட்டு, வினை நின்றுவிடுகிறது. வட அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் அவசரகால நடவடிக்கைக் கையேடு UN 1384 என்ற எண்ணில் வரும் இந்தப் பொருளுக்கு, தீ சிறியதானாலும் பெரியதானாலும் வெள்ளமாக நீர் பாய்ச்ச வேண்டும் என்றே சொல்கிறது. மூடி அணைப்பது பலிக்காது, ஏனென்றால் இது எரிவதற்கு வெளிக்காற்று தேவையில்லை என்ற காரணத்தையும் அது சொல்கிறது.

இங்கேதான் சுவரொட்டி ஆபத்தாக மாறக்கூடும். "தீ: தண்ணீர்" என்று இரண்டு சொல்லில் எழுதினால், யாராவது ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் புகையும் டிரம்மில் ஊற்றுவார். வாளித் தண்ணீர் வெள்ளம் அல்ல. அது நிலைமையை மோசமாக்கும், ஊற்றுபவரின் முகத்தில் நச்சு வாயு அடிக்கும். அதனால்தான் மேலே உள்ள கட்டத்தில் தொழிலாளிக்கு "வெளியேறு, அழை" என்று மட்டும் எழுதினேன். ஹோஸ் பைப்பு வைத்திருக்கும் பயிற்சி பெற்ற குழுவுக்கு உரிய வரியைத் தனித் தாளில் கொடுங்கள். சில நிறுவனங்களின் தாளில் 5 ஆம் பிரிவு உலர் மணலையோ உலர் பொடியையோ சொல்லலாம். அப்படி முரண் தெரிந்தால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தயாரிப்பாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தோடும் பேசி முடிவுசெய்யுங்கள்.

7. 2 ஆம் பிரிவில் "சில நிமிடங்கள் கழுவவும்" என்றும் 4 ஆம் பிரிவில் "குறைந்தது 15 நிமிடம்" என்றும் இருக்கிறது. எதை எழுதுவது?

4 ஆம் பிரிவில் உள்ளதை எழுதுங்கள். 2 ஆம் பிரிவில் இருப்பது லேபிளுக்காக உலகெங்கும் ஒரே மாதிரி வகுக்கப்பட்ட பொது வாசகம். 4 ஆம் பிரிவு அந்தப் பொருளுக்கென்று தயாரிப்பாளர் எழுதியது; காலமும் வரிசையும் அங்கேதான் தெளிவாக இருக்கும். இரண்டு எண்கள் கிடைத்தால் பெரியதையே எடுங்கள். கூடுதலாகக் கழுவியதால் கண் கெடப் போவதில்லை, குறைவாகக் கழுவினால் கெடும்.

காஸ்டிக் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். காரம் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும் தன்மை உடையது. 15 நிமிடம் என்பது அதற்குக் குறைந்தபட்சம்தான். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் கழுவிக்கொண்டே போவது நல்லது. இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும் என்ற வரியையும், எளிதாக எடுக்க முடிந்தால் கான்டாக்ட் லென்ஸை அகற்ற வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் தானாக மூடிக்கொள்ளும் என்பதால் இமையைப் பற்றிய வரி இல்லாவிட்டால் பாதிப் பேர் மூடிய இமையைத்தான் கழுவுவார்கள்.

8. காஸ்டிக் பட்ட இடத்தில் அசிட்டிக் ஆசிட் ஊற்றினால் சமன் ஆகிவிடும் என்கிறார்களே? விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கலாமா?

இரண்டும் கூடாது. சாயத்தொட்டியில் பி.எச். சரிசெய்வதற்கு அசிட்டிக் ஆசிட் சரி. தோலில் அது சரிப்படாது. அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் பிறக்கும், அந்த வெப்பம் ஏற்கெனவே புண்ணான தோலில் இறங்கும். அசிட்டிக் ஆசிட்டே அடர்நிலையில் தோலை அரிப்பது. பாட்டிலைத் தேடி ஓடும் நேரத்தில் காரம் மேலும் ஊடுருவும். காஸ்டிக் பட்ட உடனே வலி தெரியாமலும் இருக்கலாம் என்பதால், வலி இல்லையே என்று கழுவுவதை நிறுத்துவதும் தவறு. செதில் வடிவக் காஸ்டிக் ஒட்டியிருந்தால் முதலில் உலர்வாகத் தட்டிவிட்டு, நனைந்த உடையைக் கழற்றி, ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவுவதே 4 ஆம் பிரிவு சொல்லும் வழி. பற்பசை, மை, வெண்ணெய் போன்றவற்றைப் பூச வேண்டாம் என்று தாளில் இருக்காது. நம் ஊரில் அந்தப் பழக்கம் இருப்பதால் "தண்ணீர் தவிர வேறெதையும் பூசாதே" என்ற ஒரு வரியைப் போடுவதை நான் ஆதரிக்கிறேன். அது தாளின் கருத்தை மீறுவதல்ல.

அரிக்கும் பொருளை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைத்தால், இறங்கும்போது ஒருமுறை வெந்த உணவுக்குழாய் ஏறும்போது மறுமுறை வேகும். P331 என்ற வாசகம் இதையே தடுக்கிறது. காஸ்டிக், பெராக்சைடு, ஹைப்போ, அசிட்டிக் ஆகிய கட்டங்களில் "வாந்தி எடுக்க வைக்காதே" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

9. இரண்டு சப்ளையர்கள் ஒரே பொருளுக்கு வெவ்வேறு அபாய வகை கொடுத்திருக்கிறார்கள். யாரை நம்புவது?

முதலில் 2 ஆம் கேள்வியில் சொன்னபடி செறிவை ஒப்பிடுங்கள்; பெரும்பாலான வேறுபாடுகள் அங்கேயே விளங்கிவிடும். செறிவும் ஒன்றாக இருந்தால், 16 ஆம் பிரிவில் திருத்தத் தேதியைப் பாருங்கள். தேதியும் விடை தராவிட்டால் ஸ்டோரில் உண்மையில் நிற்கும் சரக்கின் தாளையே பின்பற்றுங்கள். இரண்டு சரக்கும் கலந்து நின்றால் கடுமையான வகைக்கு உரிய வாசகத்தைச் சுவரொட்டியில் போட்டுவிட்டு, மற்றவரிடம் காரணம் கேளுங்கள்.

ஒரு படக்குறி ஒரு தாளில் இருந்து மற்றொன்றில் இல்லாதிருப்பது எப்போதும் முரண் ஆகாது. அரிமானக் குறி வந்துவிட்டால், தோல் அல்லது கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறி தேவையில்லை என்பது விதி. மண்டையோட்டுக் குறி வந்தாலும் ஆச்சரியக்குறி விலகிவிடும். எனவே குறியை எண்ணி ஒப்பிடாமல் H வாசகங்களை ஒப்பிடுங்கள்.

10. எங்களுக்கு வந்த தாளில் 16 பிரிவும் இல்லை, H எண்ணும் இல்லை. என்ன செய்வது?

இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு அபாயகர வேதிப்பொருள் விதிகளின் ஒன்பதாம் அட்டவணையில் ஒரு படிவம் இருக்கிறது. அந்த வடிவத்தில் வரும் தாள்களில் ஜி.எச்.எஸ். வகைகள் இருக்காது. தீ, வினைத்திறன், உடல்நலம், முதலுதவி என்ற தலைப்புகள் இருக்கும். அவற்றிலிருந்து முதலுதவியையும் சேராத பொருள்களையும் எடுக்கலாம். அபாய வகையை மட்டும் நீங்களே கணித்து எழுத வேண்டாம்; தயாரிப்பாளரிடம் 16 பிரிவுத் தாள் கேளுங்கள். வரும்வரை அந்தக் கட்டத்தில் தாளில் உள்ள வாசகத்தை மட்டும் போடுங்கள்.

11. ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கட்டம் போட்டாயிற்று. எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை எப்படிக் காட்டுவது?

இது எந்த ஒரு தாளிலும் முழுதாகக் கிடைக்காது. ஒவ்வொரு தாளும் தன் பொருளை மட்டுமே அறியும். "வலிய அமிலங்கள், காரங்கள், உலோகங்கள்" என்று பொதுவாகச் சொல்லும். உங்கள் ஸ்டோரில் அந்தப் பெயருக்கு உரியது எது என்று நீங்கள்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். எல்லாத் தாள்களின் 10 ஆம் பிரிவையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பொருளையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிடுங்கள். மேலே சொன்ன ஐந்து பொருள்களில் இப்படிச் செய்தால் சில இணைகள் தனித்து நிற்கும். ஹைப்போவும் அசிட்டிக் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஹைட்ரோஸும் அசிட்டிக் ஆசிட்டும் சேர்ந்தால் சல்பர் டைஆக்சைடு. ஹைட்ரோஸும் பெராக்சைடும் சேர்ந்தால் கடும் வெப்பமும் தீயும்.

அதிகம் கவனிக்கப்படாத இணை பெராக்சைடும் காஸ்டிக்கும்தான். வெளுப்புத் தொட்டியில் இரண்டும் ஒன்றாகப் போவதால், ஸ்டோரிலும் ஒன்றாக நிற்கலாம் என்று நினைக்கிறார்கள். தொட்டியில் இருப்பது நீர்த்த நிலை, நிலைப்படுத்தியும் சேர்ந்திருக்கும். அடர் பெராக்சைடு கேனுக்குள் காஸ்டிக் போனால் ஆக்சிஜன் வேகமாக வெளிவந்து கேன் வீங்கி வெடிக்கலாம். துருப்பிடித்த இரும்புக் குவளை, செம்புப் பாத்திரம் ஆகியவையும் அதே சிதைவைத் தூண்டும். எனவே பெராக்சைடு கட்டத்தில் மூன்று வரிகள் கட்டாயம்: எடுத்து மீந்ததைக் கேனில் திருப்பி ஊற்றாதே, காற்றுப் போக்கும் மூடியை அடைக்காதே, சிந்தினால் துணி, மரத்தூள் கொண்டு ஒற்றாதே. பருத்தி, தோல் கையுறைகளும் கூடாது, ஏனென்றால் அடர் பெராக்சைடு ஊறினால் அவை தீப்பிடிக்கக்கூடும். எந்த வகைக் கையுறை என்பது 8 ஆம் பிரிவில் இருக்கும். "தகுந்த கையுறை" என்று மட்டும் இருந்தால் பொருளின் பெயரைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

12. எங்களிடம் ஒடியா, இந்தி பேசுபவர்கள் நிறைய. தமிழில் மட்டும் ஒட்டினால் சரியா?

போதாது. ஸ்டோரில் அள்ளுபவர் எந்த மொழியில் படிப்பாரோ அந்த மொழியில் தனித்தனியாக ஒட்டுங்கள். எல்லா மொழிகளையும் ஒரே தாளில் நெருக்கினால் எழுத்து சிறுத்து, யாருக்கும் பயன்படாது. மொழிபெயர்த்தவரையே சரிபார்க்கச் சொல்லாமல், அந்த மொழி பேசும் தொழிலாளி ஒருவரைச் சுவரொட்டியின் முன் நிறுத்தி, "பெராக்சைடு கண்ணில் பட்டுவிட்டது, முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் கட்டத்தைக் கண்டுபிடித்துத் தண்ணீர்க் குழாயின் பக்கம் திரும்பினால் சுவரொட்டி சரி. தேடிக்கொண்டு நின்றால் எழுத்தின் அளவையோ கட்டங்களின் வரிசையையோ மாற்ற வேண்டும்.

13. சுவரொட்டி வந்தபின் தாள்களை ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்துவிடலாமா?

வேண்டாம். 4 ஆம் பிரிவின் கடைசிப் பகுதி மருத்துவருக்காக எழுதப்படுவது. எந்த அறிகுறி தாமதமாக வரும், எந்தச் சிகிச்சை தேவை என்பவை அங்கே இருக்கும். சல்பர் டைஆக்சைடோ குளோரினோ சுவாசித்தவருக்கு மூச்சுத் தொல்லை சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பது போன்ற செய்தி சுவரொட்டியில் இடம்பெறாது, ஆனால் மருத்துவருக்கு அது வேண்டும். எனவே சுவரொட்டிக்குக் கீழேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொரு தாளின் இரண்டு நகல்களை வையுங்கள். ஒன்று ஆம்புலன்ஸில் போனாலும் மற்றொன்று ஸ்டோரில் இருக்கும். சரக்கு மாறும் நாளில் உறையில் உள்ள தாளை மாற்றும்போதே, 1, 3, 16 ஆகிய பிரிவுகளை மறுபடி ஒப்பிட்டுச் சுவரொட்டியின் அந்தக் கட்டத்தையும் சரிபார்த்துவிடலாம்.